3,450 அலகு பைப்லைன், அதில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு? ஒரு நிகழ்வு ஆய்வு

நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு குழுவின் ஆண்டறிக்கை இப்படிச் சொல்கிறது: "விளம்பரத்தின் தாக்கம் பெற்ற பைப்லைன் 3,450 அலகு." விளம்பரம் காட்டப்பட்ட நிறுவனங்களிடம் அந்த ஆண்டு உருவான மொத்த பைப்லைன், அதாவது திறக்கப்பட்ட விற்பனை டீல்களின் மதிப்பு, 3,600 அலகு. அதாவது 96 சதவீதத்தை விளம்பரம் தொட்டிருக்கிறது. சேல்ஸ் தலைவர் இதை நம்ப மாட்டார், நம்பாமல் இருப்பதில் நியாயம் உண்டு. இந்த ஆய்வு அந்த ஒரே எண்ணை எடுத்து, அது எப்படி உருவானது, எந்தெந்த இடத்தில் ஊதிப்போனது, சரியாகக் கணக்கிட்டால் எங்கே வந்து நிற்கிறது என்று படிப்படியாகப் பார்க்கிறது. எண்கள் முறையைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டவை. எந்த நாணயத்தையும் குறிக்காமல் 'அலகு' என்றே வைத்திருக்கிறோம்.

அமைப்பு இதுதான். விற்க விரும்பும் நிறுவனங்களின் பட்டியலில் 1,200 பெயர்கள். சேல்ஸ் வழக்கப்படி ஒவ்வொன்றையும் 'அக்கவுன்ட்' என்போம். முதல் சந்திப்பிலிருந்து கையெழுத்து வரை சராசரியாக 9 மாதம் ஆகிறது. ஒரு டீலின் சராசரி மதிப்பு 50 அலகு. வாங்கும் முடிவில் ஒரு அக்கவுன்டுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் தலையிடுகிறார்கள். விளம்பரம் லிங்க்ட்இனிலும், மற்ற தளங்களில் பேனராகவும் 12 மாதம் ஓடியது. தொடங்கும் முன்பே 1,200-இல் 300 அக்கவுன்டுகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றுக்கு விளம்பரம் காட்டப்படவில்லை. மீதி 900-க்குக் காட்டப்பட்டது. அந்த 300-ஐ ஒதுக்கி வைத்திருக்காவிட்டால் இந்த ஆய்வின் பின்பாதியை எழுதவே முடிந்திருக்காது.

ஆளைப் பின்தொடர முடியாது, அக்கவுன்டைத்தான் முடியும்

ஒரு பொருளை ஆன்லைனில் உடனே வாங்கும் இடத்தில், கிளிக்கிலிருந்து வாங்குதல் வரை ஒரே ஆளைத் தொடர்வது ஓரளவு நடக்கும். 9 மாத விற்பனையில் அது நடக்காது. கூகுள் ஆட்ஸில் ஒரு கிளிக்குக்கு எதிராக வெளியிலிருந்து பதிவேற்றும் கன்வெர்ஷன், கிளிக் நடந்து 90 நாளுக்குள் இருந்தால்தான் ஏற்கப்படும். சஃபாரி உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கீக்கு 7 நாள்தான் ஆயுள். இந்தத் தடைகள் இல்லாவிட்டாலும் அடிப்படைச் சிக்கல் தீராது: விளம்பரத்தைப் பார்த்தவர் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பார், படிவத்தை நிரப்புபவர் கொள்முதல் பிரிவில் இருப்பார், கையெழுத்திடுபவர் நிதிப் பிரிவில் இருப்பார். மூவரையும் இணைப்பது அவர்கள் வேலை செய்யும் நிறுவனம் மட்டுமே.

வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சி.ஆர்.எம். மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் உள்ள கேம்பெயின் இன்ஃப்ளூயன்ஸ் வசதியும் ஆளை வைத்துத்தான் இயங்குகிறது. ஒருவர் கேம்பெயினில் உறுப்பினராக இருக்க வேண்டும், அவர் பெயர் டீலில் Contact Role ஆகவும் இருக்க வேண்டும். சேல்ஸ் ஆட்கள் அந்தப் பெயர்களை முழுமையாக நிரப்புவது அரிது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் நிரப்பாமல் போனவர் அதற்குள் வரவே மாட்டார். எனவே கணக்கை வெளியே எடுத்து, அக்கவுன்டை அலகாக வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

அதற்கு முதல் தேவை, எல்லா இடத்திலும் ஒரே அக்கவுன்டுக்கு ஒரே அடையாளம். நிறுவனத்தின் பெயரை நம்பக் கூடாது. சி.ஆர்.எம்.-இல் ஒரு மாதிரியும் விளம்பரத் தளத்தில் வேறு மாதிரியும் இருக்கும். நம்பத் தகுந்தது டொமைன். முகவரியிலிருந்து துணை டொமைன்களை வெட்டி, பதிவு செய்யப்பட்ட டொமைனை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜிமெயில் போன்ற பொது மின்னஞ்சல் டொமைன்களை முதலிலேயே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத நூறு பேர் ஒரே 'நிறுவனம்' ஆகிவிடுவார்கள். தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் தனித்தனியாக வாங்கினால் தனித்தனி அக்கவுன்ட், சேர்ந்து வாங்கினால் ஒரே அக்கவுன்ட். இந்த முடிவை விளம்பரத்தை நடத்துபவர்கள் எடுக்கக் கூடாது. சேல்ஸ் பிரிவு எல்லைகளை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாராவாரம் எடுத்து வைக்காதது திரும்பி வராது

லிங்க்ட்இன் கேம்பெயின் மேனேஜரில் நிறுவனவாரியாக இம்ப்ரெஷன் எனப்படும் விளம்பரக் காட்சி எண்ணிக்கை, விளம்பர ஈடுபாடு, இணையதள வருகை எல்லாம் தெரியும். ஆனால் அது இன்றிலிருந்து பின்னோக்கிய ஒரு காலத்துக்கான கூட்டுத்தொகை. மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு அக்கவுன்ட் என்ன செய்தது என்று டிசம்பரில் போய்க் கேட்டால் அந்த உருவில் பதில் கிடைக்காது. டீலுக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா என்பதே நம் கேள்வி என்பதால் தேதி இல்லாத கூட்டுத்தொகை எதற்கும் உதவாது. முதல் நாளிலிருந்தே வாரம் ஒருமுறை, கடந்த 7 நாளுக்கான கணக்கை எடுத்து, எடுத்த தேதியுடன் சேமித்து வைப்பதுதான் வழி. ஏ.பி.ஐ. வழியாக எடுப்பவர்கள் விளம்பரப் பகுப்பாய்வில் MEMBER_COMPANY என்ற பிரிவைப் பயன்படுத்தலாம்.

அந்த எண்களில் ஒரு குழி உண்டு. தனிநபர் ரகசியத்துக்காக, மிகக் குறைவான நிகழ்வுகள் உள்ள நிறுவனங்களை அந்த அறிக்கை காட்டுவதில்லை. காட்டும் எண்களும் தோராயமானவை. எனவே 40 பேர் வேலை செய்யும் நிறுவனம் பட்டியலில் இல்லை என்றால் அது பூஜ்யம் அல்ல, தெரியவில்லை என்றுதான் பொருள். அட்டவணையில் அதற்கு 0 போடாமல் வெற்றாக விட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் சிறிய நிறுவனங்கள் எல்லாம் 'ஈடுபாடு இல்லாதவை' ஆகிவிடும். பிறகு யாராவது "ஈடுபாடு உள்ளவை பெரிய டீல்களாக வருகின்றன" என்று ஒரு கண்டுபிடிப்பை அறிவிப்பார்கள். அது கண்டுபிடிப்பு அல்ல, அளவுகோலின் பக்கச்சாய்வு.

இணையதள வருகையை ஐ.பி. முகவரியிலிருந்து நிறுவனமாக மாற்றித் தரும் சேவைகளுக்கும் இதே பக்கச்சாய்வு உண்டு. சொந்த அலுவலக இணைப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் எளிதாக அகப்படும். வீட்டிலிருந்தும் பொது வி.பி.என். வழியாகவும் வருபவர்கள் தப்பிவிடுவார்கள். எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. படிவம் நிரப்பியவர்களின் நிறுவனம் மின்னஞ்சல் டொமைனிலிருந்து நமக்கு உறுதியாகத் தெரியும். அந்தச் சேவை அதே வருகைகளுக்கு என்ன பெயர் தந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தும் விகிதத்தைப் பெரிய, சிறிய நிறுவனங்களுக்குத் தனித்தனியாகப் பார்ப்பது முக்கியம்.

எதை ஈடுபாடு என்பது

3,450 அலகு என்ற எண்ணின் வரையறை இது: ஆண்டில் எப்போதாவது ஒரு இம்ப்ரெஷனாவது பதிவான அக்கவுன்டில் உள்ள எல்லா டீல்களும். 900 அக்கவுன்டுகளில் உருவான டீல்கள் 72. அவற்றில் 68 இந்த வரையறைக்குள் வந்துவிட்டன. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் விளம்பரம் காட்டும்போது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு இம்ப்ரெஷன் விழத்தான் செய்யும். ஆக அந்த 96 சதவீதம் அளப்பது விளம்பரம் எவ்வளவு பரவியது என்பதை மட்டுமே. விளம்பரத்தில் வெற்றுத் தாளைக் காட்டியிருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும்.

பல கருவிகள் இதற்கு மாற்றாக ஒரு மதிப்பெண்ணைத் தருகின்றன: இம்ப்ரெஷனுக்கு 1, கிளிக்குக்கு 5, டெமோ பக்கத்துக்கு 20 என்று கூட்டி, பழையவற்றின் எடையைக் குறைத்து ஒரே எண்ணாக்குவது. சேல்ஸ் ஆள் இன்று யாரை அழைக்கலாம் என்று வரிசைப்படுத்த அது பயன்படும். ஆனால் பைப்லைனை அளக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆயிரம் இம்ப்ரெஷன் விழும் பெரிய நிறுவனம் யாரும் எதையும் படிக்காமலே மதிப்பெண்ணில் ஏறிவிடும். எடைகளை மாற்றினால் முடிவும் மாறும், ஏன் மாறியது என்று யாராலும் விளக்க முடியாது.

இங்கே எடுத்துக்கொண்ட விதி எளிமையானது. முதல் சந்திப்புக்கு முந்தைய 180 நாளில், இம்ப்ரெஷனைத் தவிர்த்த ஏதாவது ஒரு செயல் (விளம்பரக் கிளிக், விலைப் பக்கம் அல்லது பாதுகாப்பு ஆவணப் பக்கத்துக்கு வருகை, இணையக் கருத்தரங்கில் கலந்துகொள்ளுதல்) குறைந்தது 3 வெவ்வேறு வாரங்களில் நடந்திருக்க வேண்டும். எத்தனை முறை என்று எண்ணாமல் எத்தனை வாரம் என்று எண்ணுவதில் ஒரு நன்மை உண்டு. ஒரே ஆள் ஒரே மாலையில் பதினைந்து பக்கம் புரட்டினாலும் அது ஒரு வாரம்தான். மூன்று வாரம் திரும்பத் திரும்ப வருவது நிறுவனத்துக்குள் பேச்சு நடப்பதன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலை தேடி வருபவர்கள் பார்க்கும் பக்கங்களையும், ஏற்கெனவே வாங்கியவர்கள் உள்ளே நுழையும் பக்கத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா

பெரும்பாலான அறிக்கைகள் இடறி விழும் இடம் இதுதான். சேல்ஸ் ஆள் ஒரு நிறுவனத்தைச் சந்திக்கிறார். சந்தித்ததும் அந்த நிறுவனத்தில் நாலு பேர் இணையதளத்துக்கு வருகிறார்கள். வந்ததால் அவர்களுக்கு ரீடார்கெட்டிங் விளம்பரம் விழுகிறது. சிலர் அதைக் கிளிக் செய்கிறார்கள். மாதக் கடைசியில் அறிக்கை 'விளம்பரத்தின் தாக்கம் பெற்ற டீல்' என்கிறது. உண்மையில் டீல்தான் விளம்பரத்தை வரவழைத்தது.

எனவே ஒரு வெட்டுத் தேதி வேண்டும். அதற்குப் பலரும் டீலின் CreatedDate-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். அது போதாது. முதல் சந்திப்பு நன்றாகப் போய், தேவையும் பட்ஜெட்டும் உறுதியான பிறகுதான் சேல்ஸ் ஆள் சி.ஆர்.எம்.-இல் டீலைத் திறப்பார். இடையில் பல வாரம் ஓடிவிடும். நம் கணக்கில் அந்த இடைவெளியின் நடுமதிப்பு 5 வாரம். CreatedDate-ஐ வெட்டுத் தேதியாக வைத்தால் 68-இல் 61 டீல்களில் விளம்பரம் 'முன்னால்' வந்ததாகத் தெரிகிறது. நாட்காட்டியிலும் அழைப்புப் பதிவிலும் உள்ள முதல் சந்திப்புத் தேதியை வைத்தால் அது 51 ஆகிறது. அந்த 10 டீல்களிலும் விளம்பரம் வந்தது சந்திப்புக்குப் பிறகுதான். 17 டீல்கள் இப்படி வெளியேறியபின் எஞ்சிய பைப்லைன் 2,610 அலகு.

அந்தப் 17 டீல்களை வீசிவிட வேண்டியதில்லை. சந்திப்புக்குப் பின் விழுந்த விளம்பரம் டீலை வேகப்படுத்தியிருக்கலாம். ஆனால் அது வேறு கேள்வி, அதற்கு வேறு வரிசை வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் கலக்கக் கூடாது.

மூன்று வார விதியையும் சேர்த்தால் 51 டீல்கள் 29 ஆகின்றன, பைப்லைன் 1,520 அலகு ஆகிறது. opps அட்டவணையில் அந்த 51 டீல்கள் மட்டும் இருந்தால், அதை எடுக்கும் வினவல் சிறியது:

```sql
SELECT o.opp_id, o.amount_at_open
FROM opps o
JOIN signals s
  ON s.account_id = o.account_id
 AND s.day <  o.first_meeting
 AND s.day >= o.first_meeting - INTERVAL '180 days'
 AND s.kind <> 'impression'
GROUP BY o.opp_id, o.amount_at_open
HAVING COUNT(DISTINCT date_trunc('week', s.day)) >= 3;
```

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள இணைப்பில் நேரடியாக SUM(amount_at_open) போட்டால், ஒரு டீலுக்கு 12 செயல்கள் இருந்தால் அதன் மதிப்பு 12 முறை கூட்டப்படும். தாக்கம் பெற்ற பைப்லைன் மொத்த பைப்லைனைவிடப் பெரிதாக வந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். முதலில் டீல்களைத் தனியாக எடுத்து, பிறகுதான் மதிப்பைக் கூட்ட வேண்டும். இரண்டாவது, மதிப்பு என்பது டீல் திறந்தபோது இருந்த மதிப்பு. சேல்ஸ் ஆட்கள் பேச்சுவார்த்தையின்போது தொகையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்றைய தொகையை எடுத்தால் சென்ற காலாண்டின் அறிக்கை ஒவ்வொரு மாதமும் தானாக மாறும், பிறகு அதை யாரும் நம்ப மாட்டார்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் OpportunityHistory-இலிருந்து முதல் தொகையை எடுக்கலாம், அல்லது திறக்கும்போதே தனிப் புலத்தில் நகல் எடுத்து வைக்கலாம்.

விளம்பரம், கருத்தரங்கு, மின்னஞ்சல் என்று ஒவ்வொரு வழிக்கும் இதே வினவலை ஓட்டினால் வரும் தொகைகளைக் கூட்டக் கூடாது. ஒரே டீல் மூன்றிலும் இருக்கும். கூட்டினால் மொத்த பைப்லைனையே தாண்டிவிடும்.

29 டீல் என்பது என்ன சொல்கிறது

72-இல் 29 என்றால் 40 சதவீதம். இது பெரிய எண்ணா, சிறிய எண்ணா? தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. டீல் வராத அக்கவுன்டுகளில் எத்தனை சதவீதம் இதே விதியைத் தாண்டுகின்றன என்று தெரிந்தால்தான் பொருள் வரும்.

அதைக் கண்டுபிடிக்க, டீல் இல்லாத ஒவ்வொரு அக்கவுன்டுக்கும் ஒரு போலி 'முதல் சந்திப்புத் தேதி' கொடுக்க வேண்டும். அந்தத் தேதிகளை உண்மையான சந்திப்புத் தேதிகளின் பட்டியலிலிருந்தே குலுக்கி எடுத்தால், ஆண்டின் எந்த மாதம் என்ற வேறுபாடு இரு பக்கமும் சமமாகிவிடும். நிறுவனத்தின் அளவுவாரியாகப் பிரித்துக் குலுக்கினால் இன்னும் நல்லது. பிறகு அதே வினவலை அதே 180 நாளுக்கு ஓட்ட வேண்டும். நம் கணக்கில் 21 சதவீதம் தாண்டின. டீல் வந்த அக்கவுன்டுகளில் 40, வராதவற்றில் 21. ஆக, மூன்று வார விதி வெறும் இரைச்சலை அளக்கவில்லை. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருந்தால் அந்த விதியை அப்படியே கைவிட வேண்டியிருக்கும்.

ஆனாலும் இதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தளத்துக்கும் வருவார்கள், விளம்பரத்தையும் கிளிக் செய்வார்கள். ஒதுக்கி வைத்த 300 அக்கவுன்டுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றில் 18 டீல்கள் வந்தன. விளம்பரமே பார்க்காத அந்த 18-இல் 6, தள வருகையும் கருத்தரங்கும் சேர்ந்தே மூன்று வார விதியைத் தாண்டியிருந்தன. மூன்றில் ஒரு பங்கு. விளம்பரம் இல்லாமலே 33 சதவீதம் வரும்போது, விளம்பரத்துடன் வந்த 40 சதவீதத்தையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

ஒதுக்கி வைத்த 300 தரும் பதில்

இப்போது ஈடுபாட்டை முழுவதும் மறந்துவிட்டு இரண்டு குழுக்களை மட்டும் ஒப்பிடலாம். விளம்பரக் குழுவில் 900-க்கு 72 டீல், அதாவது 8 சதவீதம். ஒதுக்கிய குழுவில் 300-க்கு 18, அதாவது 6 சதவீதம். விளம்பரம் இல்லாவிட்டால் 900-இல் 54 டீல் வந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கூடுதலாக வந்தவை 18 டீல், ஏறக்குறைய 900 அலகு.

ஒப்பிடும்போது 900 அக்கவுன்டுகளையும் சேர்க்க வேண்டும், விளம்பரம் போய்ச் சேராதவை உட்பட. சேர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் குலுக்கலின் பயன் போய்விடும். லிங்க்ட்இனில் சுறுசுறுப்பாக இருக்கும் நிறுவனங்கள் மட்டும் ஒரு பக்கம் குவிந்துவிடும்.

அந்த 2 சதவீதப் புள்ளி வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம்? 95 சதவீத இடைவெளியைக் கணக்கிட்டால் −1.2 முதல் +5.2 வரை போகிறது. டீல் எண்ணிக்கையில் சொன்னால் 11 குறைவிலிருந்து 47 அதிகம் வரை. விளம்பரம் பயன் தந்ததா என்று இந்த எண்ணை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இது விளம்பரத்தை நடத்தியவர்களின் தவறு அல்ல. 6-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாட்டை வழக்கமான 80 சதவீத உறுதியுடன் பிடிக்க ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 2,550 அக்கவுன்ட் வேண்டும். பட்டியலில் மொத்தமே 1,200-தான். 600-க்கு 600 என்று பிரித்திருந்தாலும் இடைவெளி ±3.2-இலிருந்து ±2.9-க்குத்தான் சுருங்கியிருக்கும். இந்தக் கணக்கை விளம்பரம் தொடங்கும் முன்பே போட்டு, எந்த எண்ணில் பதில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடுவது நல்லது. ஆண்டு முடிந்தபின் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும்.

இதற்கு வழி, டீலுக்கு முந்தைய ஒரு கட்டத்தை அளப்பது. அதிக எண்ணிக்கையில் நடக்கும், சேல்ஸ் மதிக்கும், விளம்பரத்தை நடத்துபவர்களால் தாங்களே உருவாக்க முடியாத ஒரு நிகழ்வு வேண்டும். முதல் சந்திப்பு அதற்குப் பொருத்தமானது. விளம்பரக் குழுவில் 171 அக்கவுன்டுகளில் முதல் சந்திப்பு நடந்தது, 19 சதவீதம். ஒதுக்கிய குழுவில் 39, அதாவது 13 சதவீதம். வேறுபாடு 6 புள்ளி, இடைவெளி 1.4 முதல் 10.6 வரை. இது பூஜ்யத்தைத் தொடவில்லை. கூடுதல் சந்திப்பு சுமார் 54, குறைந்தது 13, அதிகபட்சம் 95.

சந்திப்பின் தரம் குறைந்துவிட்டதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை ஏறும்போது தரம் இறங்குவது இயல்பு. விளம்பரக் குழுவில் 171 சந்திப்புகளில் 72 டீல், 42 சதவீதம். ஒதுக்கிய குழுவில் 39-இல் 18, 46 சதவீதம். வேறுபாடு சிறியது. ஆனால் கூடுதலாக வந்தவற்றை மட்டும் எடுத்தால், 54 சந்திப்பில் 18 டீல், மூன்றில் ஒன்று. விளம்பரம் இழுத்து வந்த சந்திப்புகள் தானாக வந்தவற்றைவிடச் சற்று வலுக்குறைந்தவை என்று படிக்கலாம். இந்த எண்ணும் தோராயமானதே, இரண்டு தோராயங்களை வகுத்து வந்தது. என்றாலும், விளம்பரத்தின் பைப்லைனை முன்கூட்டி மதிப்பிடும்போது 46 சதவீதத்தைப் பயன்படுத்தாமல் 33-ஐப் பயன்படுத்தச் சொல்லும் அளவுக்கு அது பயனுள்ளது.

ஒதுக்கிய குழு கெட்டுப்போகும் வழிகள்

குலுக்கல் செய்து விட்டால் வேலை முடியவில்லை. அந்த 300-க்கும் விளம்பரம் கசியும். லிங்க்ட்இனில் 300 பெயர்களையும் விலக்கல் பட்டியலாகப் பதிவேற்றினாலும் எல்லாப் பெயர்களும் பொருந்தாது. பதிவேற்றியபின் பொருந்தாதவற்றைப் பார்த்து, நிறுவனப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்து மீண்டும் ஏற்ற வேண்டும். ரீடார்கெட்டிங் கேம்பெயின்களில் இதே விலக்கலைத் தனியாகப் போட வேண்டும். அவை வேறு பட்டியலில் ஓடுவதால் மறந்துபோவது வழக்கம். வாரந்தோறும் எடுக்கும் அறிக்கையில் ஒதுக்கிய அக்கவுன்டுகளுக்கு இம்ப்ரெஷன் பதிவாகிறதா என்று பார்த்தால் கசிவு உடனே தெரியும். கசிந்த அக்கவுன்டை ஒதுக்கிய குழுவிலிருந்து நீக்கக் கூடாது. குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். கசிவு வேறுபாட்டைச் சற்றுக் குறைத்துக் காட்டும், அந்தப் பிழையுடன் வாழலாம்.

தேடல் விளம்பரத்தை நிறுவனவாரியாக இப்படி விலக்க வழியில்லை. எனவே இந்தச் சோதனை சமூக ஊடக, பேனர் விளம்பரங்களுக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அறிக்கையின் முதல் வரியிலேயே அதை எழுத வேண்டும்.

இன்னொன்று அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. ஈடுபாடு உயர்ந்த அக்கவுன்டுகளின் பெயர் சேல்ஸ் ஆட்களுக்கு எச்சரிக்கையாகப் போகிறது என்றால், அவர்கள் அந்த அக்கவுன்டுகளை அதிகம் அழைப்பார்கள். அப்போது 6 புள்ளி வேறுபாடு விளம்பரத்தால் வந்ததா, கூடுதல் அழைப்பால் வந்ததா? இரு குழுக்களிலும் ஒரு அக்கவுன்டுக்குச் சராசரியாக எத்தனை அழைப்பு, எத்தனை மின்னஞ்சல் போயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சமமாக இருந்தால் வேறுபாட்டுக்கு அழைப்பு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சமமாக இல்லையென்றால், அளந்தது 'விளம்பரமும் எச்சரிக்கையும் சேர்ந்த தாக்கம்' என்று பெயர் மாற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் உண்மையான பயன்தான், ஆனால் எச்சரிக்கையை நிறுத்தினால் அது நிற்கும்.

வெற்றி விகிதம் பற்றி அவசரப்படாமல்

"விளம்பரத்தில் ஈடுபட்ட டீல்கள் அதிகம் ஜெயிக்கின்றன" என்ற வரி அறிக்கைகளில் அடிக்கடி வரும். அதில் காலத்தின் சூழ்ச்சி இருக்கிறது. சீக்கிரம் தோற்றுப்போகும் டீல் ஆறு வாரத்தில் மூடப்படும். அதற்குள் கிளிக்குகள் சேர நேரமில்லை. 9 மாதம் உயிரோடு இருக்கும் டீலுக்கு 9 மாத அளவு விளம்பரமும் கிளிக்கும் சேரும். நீண்ட நாள் இருந்ததால் ஈடுபாடு வந்ததே தவிர, ஈடுபாட்டால் நீண்ட நாள் இருக்கவில்லை. டீல் திறந்த முதல் 30 நாளில் உள்ள ஈடுபாட்டை மட்டும் எடுத்து, அந்த 30 நாளைத் தாண்டி உயிரோடு இருந்த டீல்களுக்குள் மட்டும் ஒப்பிட்டால் இந்தப் பிழை பெருமளவு விலகும்.

அதேபோல, கடைசிக் காலாண்டில் திறந்த டீல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை வெற்றி விகிதத்தில் சேர்த்தால் எண் தானாகத் தாழும். சுழற்சி 9 மாதம் என்றால், திறந்து 14 மாதமாவது ஆன டீல்களுக்கு மட்டும் வெற்றி விகிதம் சொல்வது பாதுகாப்பு. ஆக, 12 மாதம் ஓடிய இந்தச் சோதனையில் வெற்றி விகிதத்துக்கான இடம் வெற்றாகவே இருக்கிறது. முதலில் திறந்த டீல்களுக்கே அந்த வயது வர இன்னும் மாதங்கள் ஆகும். அதுவரை 900, 300 என்ற பிரிவைக் கலைக்காமல் பதிவில் வைத்திருக்க வேண்டும். இனி ஒதுக்கிய குழுவுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கினாலும், எந்த அக்கவுன்ட் எந்தத் தேதியில் மாறியது என்ற வரி அழியக் கூடாது.

நிர்வாகத்துக்குப் போன திருத்திய அறிக்கையில் 3,450 என்ற எண் இல்லை. அதன் இடத்தில் மூன்று வரிகள் இருந்தன. சந்திப்புக்கு முன்பே மூன்று வாரம் ஈடுபட்ட அக்கவுன்டுகளின் பைப்லைன் 1,520 அலகு, இதில் ஒரு பகுதி விளம்பரம் இல்லாமலும் வந்திருக்கும். விளம்பரத்தால் கூடுதலாக வந்த முதல் சந்திப்பு சுமார் 54, இடைவெளி 13 முதல் 95. விளம்பரத்தால் கூடுதலாக வந்த பைப்லைன் சுமார் 900 அலகு, இடைவெளி −550 முதல் 2,350 வரை, இந்த ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து இதை உறுதி செய்ய முடியாது.